இடம் கொடுத்தால் மடம் போகுமா? வழுக்குச் சரிவு வாதம் பற்றிய கேள்வி பதில்கள்

வழுக்குச் சரிவு வாதம்னா என்ன? தர்க்கப் பாடத்துல இதைப் பிழைன்னுதானே சொல்லித் தர்றாங்க?

ஒரு செயலை, அதில் உள்ள குறைக்காக எதிர்க்காமல், அது கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்காக எதிர்ப்பதுதான் இந்த வாதம். “இடத்தைக் கொடுத்தால் மடத்தைப் பிடுங்குவான்” என்று நம் ஊரில் சொல்வது இதைத்தான். இதில் மூன்று பாகங்கள் உண்டு. இப்போது கேட்கப்படும் சிறிய முதல் படி ஒன்று. அதிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று சொல்லப்படும் இடைப்படிகள் இரண்டாவது. யாருமே விரும்பாத கடைசிக் கேடு மூன்றாவது.

பாடப்புத்தகங்கள் இதைப் பிழைகளின் பட்டியலில் வைப்பதால், இந்த வடிவமே தப்பு என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். வடிவத்தில் தப்பில்லை. சர்க்கரை நோயைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் கால் நரம்புகள் மரத்துப்போகும், மரத்த காலில் காயம் பட்டது தெரியாது, தெரியாத காயம் புண்ணாகும், புண் முற்றினால் விரலை எடுக்க நேரும் என்று மருத்துவர் சொல்வதும் இதே வடிவம்தான். அதை யாரும் பிழை என்பதில்லை. இந்தச் சங்கிலியின் ஒவ்வொரு கண்ணியும் அடுத்ததை எப்படி உண்டாக்குகிறது என்பது தெரிந்திருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. கண்ணிகளை நிறுவாமல் கடைசிக் கேட்டின் பயங்கரத்தை மட்டும் காட்டி முதல் படியைத் தடுக்கப் பார்க்கும்போதுதான் அது பிழையாகிறது.

அப்போ எதை வைச்சு நியாயமானதையும் பிழையானதையும் பிரிக்கிறது?

சங்கிலியை ஒரு தாளில் எழுதுங்கள். படிகளுக்கு வரிசையாக எண் கொடுங்கள். பேச்சில் “அப்படியே போய்…” என்று கடந்துபோன இடத்தில் பெரும்பாலும் இரண்டு மூன்று படிகள் ஒளிந்திருக்கும். எழுத உட்கார்ந்தால் அவை வெளியே வந்துவிடும்.

பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் இரண்டு கேள்வி கேளுங்கள். இந்தப் படியிலிருந்து அடுத்த படிக்குத் தள்ளுவது எது? அடுத்த படியை எடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது, அவர் ஏன் “இதோடு போதும்” என்று சொல்லமாட்டார்? முதல் கேள்விக்குப் பதில் இல்லாத கண்ணி வெறும் ஊகம். இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை, ஆனால் சமூக விஷயங்களில் வாதம் நிற்பதும் விழுவதும் அங்கேதான். சட்டமும் விதியும் தாமாக உருளுவதில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு சட்டமன்றமோ நீதிபதியோ மேலாளரோ முடிவெடுத்தாக வேண்டும்.

மூன்றாவதாக, முதல் படியை எடுக்காவிட்டாலும் அந்தக் கேடு வருமா என்று பாருங்கள். எப்படியும் வரப்போவதை முதல் படியின் தலையில் கட்ட முடியாது.

இதெல்லாம் பொதுவா இருக்கு. நிஜமாவே நடந்த ஒண்ணை வைச்சு விளக்க முடியுமா?

வழுக்குச் சரிவு என்றதும் தத்துவ ஆசிரியர்கள் முதலில் எடுப்பது மருத்துவர் உதவியோடு உயிரை முடித்துக்கொள்ளும் சட்டங்களைத்தான். அதையே எடுத்துக்கொள்வோம். ஒரே மாதிரித் தோன்றும் முதல் படியை இரண்டு இடங்கள் எடுத்தன. ஒன்று ஏறக்குறைய நின்ற இடத்திலேயே நிற்கிறது, மற்றது நகர்ந்துவிட்டது.

அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில் 1994 நவம்பரில் மக்கள் வாக்கெடுப்பில் 51-க்கு 49 சதவீதம் என்ற சிறு வித்தியாசத்தில் சட்டம் நிறைவேறியது. வழக்குகளால் தாமதமாகி 1997 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தது. அதை நீக்கக் கோரி அதே ஆண்டு நவம்பரில் நடந்த இன்னொரு வாக்கெடுப்பை மக்கள் 60-க்கு 40 என்று தோற்கடித்தார்கள். நிபந்தனைகள் இவை: நோயாளிக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும், சொந்தமாக முடிவெடுக்கும் நிலையில் இருக்க வேண்டும், ஆறு மாதத்துக்குள் மரணம் என்று இரண்டு மருத்துவர்கள் உறுதி செய்ய வேண்டும், 15 நாள் இடைவெளியில் இரண்டு முறை வாயாலும் ஒரு முறை சாட்சிகளோடு எழுத்திலும் கேட்க வேண்டும். மருத்துவர் மருந்தை எழுதித் தருவதோடு சரி. உட்கொள்வது நோயாளிதான்.

கனடாவில் இந்த வாசலை நீதிமன்றம் திறந்தது. 1993-இல் ரோட்ரிகஸ் வழக்கில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் மருத்துவர் உதவியோடு இறக்கும் உரிமையை 5-க்கு 4 என்ற கணக்கில் மறுத்திருந்தது. பலவீனமானவர்கள் பாதிக்கப்படுவார்கள் என்ற அச்சம் அந்தத் தீர்ப்பின் முக்கியக் காரணங்களில் ஒன்று. 2015 பிப்ரவரியில் கார்ட்டர் வழக்கில் அதே நீதிமன்றம் ஒருமனதாக மாறியது. கடுமையான, தீராத நோய் அல்லது ஊனத்தால் தாங்க முடியாத துயரத்தில் இருக்கும் வயதுவந்தவர் மருத்துவர் உதவியை நாடுவதைக் குற்றமாக்குவது அவருடைய அரசியல் சட்ட உரிமையை மீறுகிறது என்றது.

2016 ஜூனில் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியபோது, தீர்ப்பில் இல்லாத ஒரு வேலியைத் தானாகச் சேர்த்தது. இயற்கை மரணம் ‘நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய’ நிலையில் இருப்பவர்களுக்கு மட்டும் என்பது அந்த வேலி. 2019 செப்டம்பரில் கியூபெக் உயர் நீதிமன்றம் அந்த நிபந்தனை செல்லாது என்றது. மத்திய அரசு மேல்முறையீடு செய்யவில்லை. 2021 மார்ச்சில் புதிய சட்டம் வேலியை எடுத்துவிட்டது. மரணம் அண்மையில் இல்லாதவர்களும் விண்ணப்பிக்கலாம், ஆனால் அவர்களுக்கான மதிப்பீடு குறைந்தது 90 நாள் நடக்க வேண்டும். மனநோயை மட்டுமே காரணமாகக் காட்டுபவர்களுக்கு முதலில் 2023 மார்ச் வரை என்று தடை போட்டார்கள். அது 2024-க்கும், பிறகு 2027 மார்ச் 17-க்கும் தள்ளிப்போனது.

சரி, முதல் படி ரெண்டு இடத்துலயும் ஒண்ணுதானே? ஒரு இடத்துல மட்டும் ஏன் சரிஞ்சது?

முதல் படி வெளியே பார்க்கத்தான் ஒன்று. அதற்குச் சொன்ன காரணம் வேறு.

கனடாவில் நீதிமன்றம் சொன்ன காரணம் துயரம். தாங்க முடியாத, தீராத துயரத்தில் இருப்பவரை அதிலேயே கிடக்கச் சொல்ல அரசுக்கு உரிமை இல்லை என்பதே தீர்ப்பின் அடிப்படை. அந்தக் காரணத்தை ஒப்புக்கொண்டபின், ஆறு மாதத்தில் இறப்பவருக்கு உரிமை உண்டு, இதே துயரத்தோடு இன்னும் முப்பது ஆண்டு வாழப்போகிறவருக்கு இல்லை என்று சொல்வது கடினம். இரண்டாமவர் படப்போகும் துயரம் அதிகம். ஆக, வேலி போட்ட நாளிலேயே அது அடித்தளத்தோடு ஒட்டாமல் நின்றது. அதைத் தள்ளும் அதிகாரம் நீதிமன்றத்திடம் இருந்தது, தள்ளுவதற்கான காரணத்தை முந்தைய தீர்ப்பே கொடுத்திருந்தது. மேலே சொன்ன இரண்டு கேள்விகளுக்கும் இங்கே தெளிவான பதில் இருக்கிறது. 2016-இல் ஒருவர் “இந்த வேலி நிற்காது” என்று சொல்லியிருந்தால் அது நியாயமான சரிவு வாதம்.

ஆரிகனில் காரணம் என்று ஒரு பொதுக் கோட்பாடு சட்டத்தில் எழுதப்படவில்லை. வாக்காளர்கள் ஒரு எல்லையைக் கொடுத்தார்கள்: சாகும் தறுவாயில் இருப்பவர், ஆறு மாதம், மருந்தைத் தானே உட்கொள்பவர். அந்த எல்லையை நீட்டச் சொல்லி நீதிமன்றத்துக்குப் போகவும் வழி இல்லாமல் போனது. 1997 ஜூனில் குளுக்ஸ்பர்க் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், மருத்துவர் உதவியோடு இறப்பது அரசியல் சட்ட உரிமை அல்ல என்று முடிவு செய்துவிட்டது. உரிமை இல்லை என்றால் “அவருக்கு உண்டு, எனக்கு ஏன் இல்லை” என்று கேட்டு வெல்வதற்கான பிடி பெருமளவு போய்விடுகிறது. மாற்றம் வேண்டுமென்றால் சட்டமன்றத்திடமோ வாக்காளரிடமோ போக வேண்டும்.

பிறகு வாஷிங்டன், வெர்மான்ட், கலிபோர்னியா, கொலராடோ என்று பல மாநிலங்கள் இதைப் பின்பற்றின. எல்லாமே ஆறு மாத எல்லையை வைத்தே இயற்றின. ஆரிகனிலும் ஒன்றுமே மாறவில்லை என்று சொல்லிவிட முடியாது. 15 நாள் காத்திருப்பதற்குள் இறந்துவிடக்கூடியவர்களுக்கு அந்தக் காத்திருப்பிலிருந்து 2020 முதல் விலக்கு உண்டு. மாநிலத்தில் குடியிருப்பவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் ஒரு வழக்குச் சமரசத்தை அடுத்து 2023-இல் நீக்கப்பட்டது. இவை வழிமுறையை எளிதாக்கிய மாற்றங்கள். யாருக்குத் தகுதி என்ற கோடு நகரவில்லை. ‘சரிந்துவிட்டது’ என்று ஒருவர் சொல்லும்போது எந்தக் கோட்டைச் சொல்கிறார் என்று கேட்டாக வேண்டும், ஏனென்றால் இந்த இரண்டு வகை மாற்றமும் பேச்சில் எளிதாகக் கலந்துவிடும்.

கனடாவுல எண்ணிக்கை பல மடங்கு ஏறிடுச்சுன்னு படிச்சேன். அதுவே சரிவுக்கு ஆதாரம் இல்லையா?

ஏறியது உண்மை. 2021-இல் 10,064 பேர், 2022-இல் 13,241 பேர், 2023-இல் 15,343 பேர் இப்படி இறந்தார்கள். 2023-இல் நாட்டின் மொத்த மரணங்களில் இது 4.7 சதவீதம்.

ஆனால் 2023-இன் 15,343 பேரில், 2021-இல் புதிதாகத் திறந்த வழியில், அதாவது மரணம் அண்மையில் எதிர்பார்க்கப்படாதவர்களுக்கான வழியில் வந்தவர்கள் 622 பேர்தான், சுமார் 4 சதவீதம். மீதி எல்லாரும் 2016-இன் எல்லைக்குள்ளேயே தகுதி பெற்றிருக்கக்கூடியவர்கள். எண்ணிக்கை உயர்வில் பெரும்பகுதி, ஏற்கெனவே அனுமதிக்கப்பட்டதை மேலும் பலர் பயன்படுத்தியதால் வந்தது. எல்லை விரிந்ததால் வந்தது சிறுபகுதி.

இரண்டும் கவலைக்குரியவையாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆனால் இரண்டும் வேறுவேறு வாதங்கள். முதல் படியை ஏற்றவர், தகுதியுள்ளவர்கள் அதைப் பயன்படுத்துவார்கள் என்பதையும் சேர்த்தே ஏற்றிருக்கிறார். எத்தனை பேர் என்பதைக் குறைத்து மதிப்பிட்டிருந்தால் அதைத் தனியாகப் பேசலாம். சரிவை நிறுவ வேண்டுமென்றால் முதல் படியில் விலக்கப்பட்ட ஒரு வகை பிறகு உள்ளே வந்ததைக் காட்ட வேண்டும். கனடாவில் அதைக் காட்ட முடிகிறது என்பது உண்மைதான். அதற்குரிய எண் 622. 15,343 அதற்கான எண் ஆகாது.

நெதர்லாந்துல நோயாளி கேட்காமலேயே உயிரை எடுத்தாங்கன்னு சொல்றாங்களே. அது சரிவுதானே?

இந்த வாதத்துக்குப் பின்னால் உண்மையான எண் ஒன்று இருக்கிறது. அரசு அமைத்த ஒரு குழு 1991-இல் வெளியிட்ட ரெம்மெலிங்க் அறிக்கை, 1990-இல் நெதர்லாந்தில் நோயாளியின் வெளிப்படையான வேண்டுகோள் இல்லாமல் மருத்துவர்கள் உயிரை முடித்தவை சுமார் ஆயிரம் என்று கணக்கிட்டது. மொத்த மரணங்களில் 0.8 சதவீதம். அப்போது அங்கே கருணைக்கொலைக்கு முழுச் சட்ட அனுமதி இல்லை. நிபந்தனைகளைப் பின்பற்றிய மருத்துவர் மீது வழக்குத் தொடராமல் விடும் நடைமுறைதான் இருந்தது. “சம்மதத்தோடு தொடங்கினார்கள், சம்மதமில்லாமல் முடித்துவிட்டார்கள்” என்று உலகெங்கும் இந்த எண்ணை மேற்கோள் காட்டினார்கள்.

இங்கே விடுபட்டது ஒப்பிடுவதற்கான தொடக்கப் புள்ளி. சரிவு என்றால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்ந்திருக்க வேண்டும். நடைமுறை தளர்வதற்கு முன்பு இதே விகிதம் எவ்வளவு இருந்தது என்ற அளவு யாரிடமும் இல்லை. எல்லாம் தடையில் இருந்த காலத்திலும் மருத்துவமனைகளில் இப்படி நடந்திருக்கலாம், யாரும் எண்ணிப் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பிறகு அதே முறையில் எடுத்த ஆய்வுகளைப் பார்த்தால் விகிதம் 1995-இலும் 2001-இலும் 0.7, 2005-இல் 0.4, 2010-இல் 0.2. சட்டம் 2002 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எச்சரித்தவர்கள் சொன்ன திசைக்கு எதிர்த்திசையில் எண் போயிருக்கிறது. சட்டம் வந்ததால்தான் குறைந்தது என்று இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியாது, வலி தணிப்பு மருத்துவமும் அந்த ஆண்டுகளில் மாறியது. ஆனால் முதல் படி இந்தக் கேட்டைப் பெருக்கும் என்ற கண்ணி அங்கே அறுந்தது.

கவனிக்க வேண்டியது, நெதர்லாந்தையும் கனடாவையும் பற்றிய எச்சரிக்கைகள் இரண்டு வேறு சரிவுகள். சம்மதத்திலிருந்து சம்மதமின்மைக்குப் போவது ஒன்று. சாகும் தறுவாயில் இருப்பவரிலிருந்து மற்ற துயரப்படுபவருக்குப் போவது இன்னொன்று. ஒன்று நடந்தது என்பது மற்றதற்கு ஆதாரமாகாது. சம்மதத்தை அடிப்படையாக வைத்த காரணம் சம்மதமின்மையை நோக்கித் தள்ளுவதில்லை, மாறாக அதைத் தடுக்கிறது. அங்கே சரிவு வருமென்றால் கண்காணிப்புக் குறைவாலோ பழக்கத்தாலோதான் வரும், அதைத் தனியாக நிறுவ வேண்டும்.

ஒவ்வொரு படியும் நடக்க நல்ல வாய்ப்பு இருக்குன்னா, மொத்தமும் நடக்கும்னு சொல்லலாமா?

சொல்ல முடியாது. ஐந்து கண்ணிகள், ஒவ்வொன்றும் நடக்க 80 சதவீத வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தும் நடக்க வாய்ப்பு:

```
0.8 × 0.8 × 0.8 × 0.8 × 0.8 = 0.33
```

ஒவ்வொரு படியும் அநேகமாக நடக்கும் என்று தோன்றினாலும் கடைசிப் படி வருவதற்கு மூன்றில் ஒரு பங்கு வாய்ப்புதான். ஒவ்வொன்றும் 90 என்றால் 59 சதவீதம். ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி என்றால் 3 சதவீதம். பேசும்போது ஒவ்வொரு படியும் முந்தையதைப் போலவே நம்பும்படி இருப்பதால், கடைசிப் படியையும் முதல் படியின் நிச்சயத்தோடு நம்பிவிடுகிறோம். படிகள் கூடக்கூட விவரிப்பு கதை போலக் கோவையாகிறது, நடக்கும் வாய்ப்போ குறைகிறது.

இந்தக் கணக்கை இரண்டு இடங்களில் கவனமாகக் கையாள வேண்டும். இங்கே போடும் எண், முந்தைய படிகள் நடந்துவிட்டன என்று கொண்டபின் அடுத்தது நடக்கும் வாய்ப்பு. சில சங்கிலிகளில் படி ஏற ஏற இது கூடும். முதல் நீதிமன்ற வெற்றிக்கு வாய்ப்பு 30 சதவீதமாக இருக்கலாம், ஆனால் அது கிடைத்தபின் அதையே முன்னுதாரணமாகக் காட்டும் இரண்டாவது வழக்குக்கு 70 ஆகலாம். எல்லாப் படிக்கும் ஒரே எண்ணைப் போட்டுப் பெருக்கி “இது நடக்கவே நடக்காது” என்பதும் அவசரம்தான். அடுத்தது, ஒரே கேட்டுக்குப் பல வழிகள் இருக்கலாம். ஒரு வழியின் வாய்ப்பு குறைவு என்பதால் மொத்த வாய்ப்பும் குறைவு என்று ஆகாது.

வாய்ப்பு குறைவுன்னு தெரிஞ்சுட்டா கவலையை விட்டுடலாமா?

கேடு எவ்வளவு பெரிது, திருத்த முடியுமா என்பதைப் பொறுத்தது. ஐந்து சதவீத வாய்ப்புள்ள கேடு திருத்தக்கூடியதாக இருந்தால், முதல் படியை எடுத்துவிட்டுக் கண்காணிக்கலாம். உயிர் போவது போலத் திருத்த முடியாததாக இருந்தால் அதே ஐந்து சதவீதம் போதுமான தடை ஆகலாம். ஆனால் தராசின் மறுதட்டில் முதல் படியை எடுக்காமல் இருப்பதன் கேட்டையும் வைக்க வேண்டும். சரிவு வாதம் செய்பவர்கள் அந்தத் தட்டைக் காலியாகக் காட்டுவது வழக்கம். தாங்க முடியாத வலியில் மாதக்கணக்கில் கிடக்கும் நோயாளி அங்கே இருக்கிறார்.

ஆறு மாசம்னா சரி, ஏழு மாசம்னா ஏன் கூடாது? கோட்டை நியாயப்படுத்தவே முடியலைன்னா அது நகராதா?

ஆறுக்கும் ஏழுக்கும் நடுவே அறம் சார்ந்த வேறுபாடு எதுவும் இல்லை என்பது உண்மை. வாக்குரிமை 18 வயதில் வருவதற்கும், அதற்கு முந்தைய நாள் வராததற்கும் கூட அப்படி வேறுபாடு இல்லை. கோடு தன்னிச்சையானது என்பதால் மட்டும் அது நகர்ந்துவிடுவதில்லை. ஆரிகனின் ஆறு மாதம் கால் நூற்றாண்டுக்கு மேலாக நிற்பதே சாட்சி. எண்ணாக எழுதிய கோடு ஒரு வகையில் உறுதியானது, ஏனெனில் அதைத் தாண்டியதும் தாண்டியது தெரிந்துவிடும். ‘நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய மரணம்’ என்ற கனடா வாசகத்தில் எண் இல்லை. எத்தனை மாதம், எத்தனை ஆண்டு என்பதை மதிப்பிடும் மருத்துவரின் புரிதலே தீர்மானித்தது. சட்டத் திருத்தமே இல்லாமல் விளக்கத்தால் நகரக்கூடிய கோடு அது.

இந்தியாவுல இந்தச் சரிவு தொடங்கிடுச்சா?

2011 மார்ச்சில், பல ஆண்டுகள் உணர்விழந்து கிடந்த செவிலியர் அருணா ஷான்பாக்கின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உயிர்காக்கும் சிகிச்சையை நிறுத்துவதைக் கடும் நிபந்தனைகளோடும் உயர் நீதிமன்ற அனுமதியோடும் ஏற்றது. அந்த வழக்கில் கேட்ட அனுமதியை மட்டும் மறுத்தது. 2018 மார்ச் 9-இல் காமன் காஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் ஐந்து நீதிபதிகள், கண்ணியத்தோடு இறப்பதும் வாழ்வுரிமையின் பகுதி என்றார்கள். தனக்கு எந்த நிலையில் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதி வைக்கலாம் என்றும் அனுமதித்தார்கள். 2018-இன் வழிமுறையில் அந்த ஆவணத்தில் முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் கையெழுத்திட வேண்டும், ஆட்சியர் அமைக்கும் மருத்துவக் குழு பார்க்க வேண்டும். நடைமுறையில் யாராலும் எளிதில் பயன்படுத்த முடியவில்லை. 2023 ஜனவரியில் நீதிமன்றமே அதை எளிதாக்கியது. இப்போது நோட்டரி அல்லது அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி கையெழுத்து போதும். மருத்துவமனையே குழுக்களை அமைக்கும்.

இதைச் சரிவு என்பவர்கள் உண்டு. ஆரிகனைப் பார்த்த கண்ணோடு பார்த்தால், தளர்ந்தது வழிமுறை. சிகிச்சையை விலக்கிக்கொள்வதற்கும் ஊசி போட்டு உயிரை முடிப்பதற்கும் இடையே உள்ள கோட்டை இந்தத் தீர்ப்புகள் எதுவும் தாண்டவில்லை.

ஆனாலும் இங்கே கவலைக்கு இடம் தரும் கண்ணி ஒன்று இருக்கிறது என்பது எங்கள் கணிப்பு. 2018 தீர்ப்பின் காரணம் கண்ணியமும் தன்னாட்சியும், அதாவது உரிமையின் மொழி. கனடாவின் பாணி அது. கண்ணியத்துக்காகச் சுவாசக் கருவியை எடுக்கலாம் என்றால், கருவியே தேவைப்படாத ஆனால் அதே துயரத்தில் உள்ளவருக்கு என்ன வழி என்று ஒருவர் நாளை கேட்கலாம். மறுபக்கம், நீதிபதிகள் செயலுக்கும் விலகலுக்கும் உள்ள வேறுபாட்டைத் தீர்ப்புக்குள்ளேயே வலியுறுத்தி, இயற்கை தன் போக்கில் போக விடுவது என்று அடித்தளத்தையே குறுக்கி எழுதியிருக்கிறார்கள். இந்தியாவில் சரியுமா என்று கேட்பவர் படிக்க வேண்டியது அந்தப் பத்திகளைத்தான்.

ஆபீஸ்ல “உனக்கு ஒருத்தனுக்குக் கொடுத்தா எல்லாரும் கேப்பாங்க”ன்னு மேனேஜர் சொல்றார். இது எந்த வகை?

முன்னுதாரண வகை. பல நேரம் அவர் சொல்வது சரி, ஆனால் திருத்தக்கூடிய சரி. வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்டு “பயணம் சிரமமாக இருக்கிறது” என்று எழுதினால், அந்தக் காரணம் அலுவலகத்தில் பாதிப் பேருக்குப் பொருந்தும். மறுக்க மேலாளரிடம் பிடி இருக்காது. “முதுகு அறுவை சிகிச்சைக்குப் பின் ஆறு வாரம் உட்கார்ந்து பயணிக்கக் கூடாது, மருத்துவர் சான்று இணைத்துள்ளேன், இன்ன தேதியில் திரும்புவேன்” என்று எழுதினால் அடுத்து வருபவரும் சான்றும் தேதியும் காட்டியாக வேண்டும். கேட்பது ஒன்றுதான், எழுதிய காரணம் வேறு. மேலாளரும் ஒப்புதல் கடிதத்தில் ‘சிறப்பு அனுமதி’ என்று மொட்டையாக எழுதாமல் காரணத்தையும் முடியும் தேதியையும் எழுதிவிட்டால் கதவு அந்த அளவுக்கு மட்டுமே திறக்கும். காரணமே எழுதாத அனுமதிதான் மிக மோசமான முன்னுதாரணம், யார் வேண்டுமானாலும் அதில் தன் காரணத்தை நிரப்பிக்கொள்ளலாம்.

விவாதத்துல எதிராளி இந்த வாதத்தை எடுத்தா, “இது ஃபாலஸி”ன்னு சொல்லி முடிச்சுடலாமா?

அப்படிச் சொன்னால் பதில் சொன்னதாக ஆகாது. எந்தக் கண்ணி பலவீனம் என்று காட்டுங்கள். “மூன்றாவது படியை எடுக்க நாடாளுமன்றம் புதிதாகச் சட்டம் இயற்ற வேண்டும், அது ஏன் இயற்றும் என்று நீங்கள் சொல்லவில்லை” என்பது பதில். அவர் அதற்கு நல்ல காரணம் சொன்னால் உங்கள் நிலையைத்தான் திருத்த வேண்டியிருக்கும்.

உங்கள் பக்கத்தையும் ஒருமுறை சோதியுங்கள். முதல் படியை ஆதரிப்பவர்கள் “இவ்வளவுதான் கேட்கிறோம், இதற்கு மேல் இல்லை” என்று உறுதி தருவது வழக்கம். அவர்கள் முன்வைக்கும் காரணமோ அதைவிடப் பல மடங்கு அகலமாக இருக்கும். அப்போது எதிராளியின் அச்சத்துக்கு ஆதாரம் உங்கள் பேச்சிலேயே கிடைத்துவிடுகிறது. இரண்டு நேர்மையான வழிகள் உண்டு. காரணத்தைக் கேட்கும் அளவுக்குக் குறுக்கிச் சொல்லலாம். அல்லது, “ஆமாம், அடுத்த படியும் எனக்குச் சம்மதம்தான், அது கேடு என்று நான் நினைக்கவில்லை” என்று வெளிப்படையாகச் சொல்லலாம். கனடாவின் 2021 சட்டத்தை வரவேற்றவர்களில் பலர் இரண்டாவதைத்தான் சொன்னார்கள். அங்கே வந்துவிட்டால் சரிவு பற்றிய பேச்சு முடிந்துவிடும். மீதி இருப்பது கடைசிப் படி நல்லதா கெட்டதா என்ற நேரடிக் கேள்வி, அதற்குப் படிகளை எண்ணிப் பயனில்லை.